பதினெட்டு முடிந்த கணக்கு

தண்ணீர் வடிந்த அன்று காலையில் காஜாக்கா முதலில் தேடியது அடுப்பை அல்ல, துணிமணியை அல்ல. கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியைத்தான். இடுப்பளவு தண்ணீர் மூன்று நாள் வீட்டுக்குள் குடியிருந்துவிட்டுப் போயிருந்தது. பெட்டியைத் திறந்ததும் சேற்றுத் தண்ணீர் குபுக்கென்று அவள் காலில் கொட்டியது. அடியில், ஒரு பழைய தலையணை உறைக்குள், பாஸ்புக் ஊறிப்போய்க் கிடந்தது.

சட்டை தைக்கிற கம்பெனியில் பதினாறு வருஷமாகப் பட்டன் துளை போடுகிற வேலை அவளுக்கு. தையல்காரர்கள் அதைக் காஜா என்பார்கள். கம்பெனியில் அவளுக்குக் காஜாக்கா என்று பெயர் விழுந்து, தெருவரைக்கும் வந்து, கடைசியில் வீட்டுக்காரர்கூடக் கோபம் வந்தால் மட்டும்தான் நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்கு ஆகிவிட்டது.

பாஸ்புக்கைத் துணி கிளிப்பில் மாட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டாள். இரண்டு நாள் காய்ந்ததும் அது அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டது. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தன. பிரிந்த இடங்களில் மை கரைந்து ஊதா மேகமாக இருந்தது. முதல் பக்கத்தில் இரண்டு போட்டோக்கள் ஒட்டியிருந்தன. ஒன்று அவளுடையது, இன்னொன்று ஆறு வயது மகளுடையது. மகளின் முகம் இருந்த இடத்தில் இப்போது வெள்ளைத் திட்டு. இரண்டு பக்கமும் கட்டியிருந்த ரிப்பன் மட்டும் மிச்சம்.

வீட்டுக்காரர் பிளம்பர். வெள்ளத்துக்குப் பிறகு ஊர் முழுக்க மோட்டாரும் குழாயும் அடைத்துக்கொண்டதில் அவருக்குச் சாப்பிட நேரமில்லை. அவர் கிளம்பிப் போனதும் காஜாக்கா பாஸ்புக்கை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு வங்கிக்கு நடந்தாள்.

வங்கி முதல் மாடியில் இருந்ததால் தப்பித்திருந்தது. படிக்கட்டு வரை கூட்டம். எல்லார் கையிலும் நனைந்த காகிதம். ஒருவர் தன் பாஸ்புக்கை இஸ்திரி போட்டுக் கருக்கிக்கொண்டு வந்திருந்தார். "தண்ணியிலேர்ந்து காப்பாத்திட்டேன், தீயில விட்டுட்டேன்" என்று அவரே சொல்லிச் சிரிக்க, வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். வெள்ளத்தில் சேதமான பாஸ்புக்குகளுக்கு நகல் இலவசம், சனிக்கிழமை வரை தனி கவுண்டர் என்று அட்டையில் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தார்கள்.

தனி கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர் பாஸ்புக் மேடம். மூன்று வருஷமாக இந்தக் கிளையில் பாஸ்புக் போட்டுத் தருகிறவர். காஜாக்காவைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"வாங்க வாங்க. வீடு எப்படி இருக்கு? பொண்ணு எப்படி இருக்கா?"

"இருக்கா மேடம். வீடுதான் சேறு."

"அவ ஹாஸ்டல் பக்கமெல்லாம் தண்ணி இல்லையே?"

"இல்ல மேடம். அங்க மேடான இடம்."

சொன்ன உடனே அவளுக்கு அந்த மேடான இடம் கண்ணில் தெரிந்தது. மூன்று மாடிக் கட்டடம், வராந்தாவில் காய்கிற வெள்ளைச் சீருடைகள். எப்போதும் அப்படித்தான். வாயில் வந்த பிறகு கண்ணில் வரும்.

அவள் மகள் இறந்து எட்டு வருஷம் ஆகிறது.

பத்து வயதில், மூளைக் காய்ச்சலில், நான்கே நாளில் முடிந்துபோனது. வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. ஒன்றாம் வகுப்பில் சேர்த்த வருஷம், மகள் பெயரில் அம்மா கார்டியனாக இருந்து இந்த மைனர் கணக்கைத் தொடங்கினார்கள். மாதா மாதம் பத்தாம் தேதி சம்பளம் வந்ததும் அம்மாவும் மகளும் சேர்ந்து வந்து கொஞ்சம் பணம் கட்டுவார்கள். செலானைத் தானே எழுதுவேன் என்று வாலு அடம்பிடிப்பாள். கவுண்டர் எட்டாது. காஜாக்கா இடுப்பில் தூக்கிக்கொள்வாள். "பாங்க்குக்கு ஆள் வந்தாச்சு, வழி விடுங்க" என்று அந்த நாளில் இருந்த காசாளர் எழுந்து நின்று சலாம் போடுவார்.

மகள் போன அடுத்த மாதம் பத்தாம் தேதி, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே காஜாக்காவின் கால்கள் வங்கிக்கு வந்துவிட்டன. செலானில் மகள் பெயரை எழுதிப் பணத்தைக் கட்டினாள். காசாளர், "எங்கே நம்ம பெரிய மனுஷி?" என்றார். "ஸ்கூலுக்குப் போயிருக்கா" என்றாள். அந்த மாதம் முழுவதும் அவளிடம் மகளைப் பற்றி எல்லாரும் இறந்தகாலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். தெருவில், கம்பெனியில், சொந்தபந்தத்தில், எங்கும். அந்த ஒரு மனிதர் மட்டும் பேசவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். அடுத்த பத்தாம் தேதிக்குத் திரும்பவும் வந்தாள்.

அதன் பிறகு காசாளர் மாற்றலாகிப் போனார், வேறு வேறு ஆட்கள் வந்தார்கள். மகள் ஆறாம் வகுப்புக்குப் போனாள், எட்டாம் வகுப்புக்குப் போனாள். பாஸ்புக் மேடம் வந்தபோது பத்தாம் வகுப்பு முடித்திருந்தாள். மேடத்துக்கும் ஒரே பெண், இவளுடையவளைவிட இரண்டு வயது மூத்தவள். பேச்சு எங்கே போகும்? பிள்ளைகளிடம்தான் போகும். ஒரு நாள் மேடம் தன் மகளின் பழைய புத்தகங்களை, பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலும் கைட் நோட்டுகளும், ஒரு பெரிய பையில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். "அடிக்கோடு போட்டதெல்லாம் முக்கியமான கேள்வி. பாத்துக்கச் சொல்லுங்க." மறுக்க வாய் வரவில்லை. காஜாக்கா அந்தப் பையை வீடுவரை சுமந்தாள். பிறகு மகள் நர்சிங் சேர்ந்துவிட்டாள்.

பாஸ்புக் மேடம் பிளாஸ்டிக் கவரிலிருந்து பாஸ்புக்கை இரண்டு விரலால் எடுத்து உச்சுக்கொட்டினார். விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்து, கணக்கு எண்ணைப் பதிவேட்டில் தேடி எடுத்து, கணினியில் தட்டினார்.

"மேடம், புதுப் புஸ்தகத்துல பழைய வரவெல்லாம் வருமா?"

"வராதும்மா. இன்னைக்கு இருக்கற இருப்பு முதல் வரியா வரும், அங்கேர்ந்துதான் தொடரும். பழசு வேணும்னா ஸ்டேட்மென்ட் எழுதிக் கேக்கணும். எத்தனை வருஷத்துக்கு வேணும்?"

"ஆரம்பத்துலேர்ந்து."

"முழுசுமா? எதுக்கும்மா அவ்ளோ?"

"சும்மா... வெச்சுக்கலாம்னு."

மேடம் திரையைப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து திரும்பினார்.

"அட, பதினெட்டு முடிஞ்சு மூணு மாசம் ஆச்சே! மேஜர் ஆயிட்டாளே உங்க பொண்ணு! சொல்லவே இல்ல பாத்தீங்களா?"

காஜாக்கா சிரித்தாள்.

"அப்படின்னா இனிமே நீங்க கையெழுத்துப் போட முடியாதும்மா. பதினெட்டு வரைக்கும்தான் கார்டியன். நகல் பாஸ்புக்குக்கும் சரி, ஸ்டேட்மென்ட்டுக்கும் சரி, அவதான் வந்து கையெழுத்துப் போடணும். கையெழுத்து மாதிரி எடுக்கணும், அடையாள அட்டை வேணும், புது போட்டோ ரெண்டு. கணக்கை மேஜரா மாத்திட்டு அப்படியே கையோட புதுப் புஸ்தகம் போட்டுக் கொடுத்துடறேன்."

"அவ... ஹாஸ்டல்ல இருக்கா மேடம்."

"காலேஜ் எல்லாம்தான் ஒரு வாரம் லீவாச்சே! என் பொண்ணே வந்து வீட்ல உருண்டுக்கிட்டு இருக்கா. வரச் சொல்லுங்க. இருங்க, நம்பர் கொடுங்க, நானே பேசறேன். மூணு வருஷமா அவளைப் பத்திக் கேட்டுக்கிட்டே இருக்கேன், ஒரு தடவை குரல் கேக்கறேனே."

மேடம் மேஜை மேலிருந்த போனைக் கையில் எடுத்துவிட்டார்.

"போன் நனைஞ்சு போச்சு மேடம். நம்பர் மனசுல இல்ல."

"பெத்த பொண்ணு நம்பர் மனசுல இல்லையா?" மேடம் சிரித்தார். "என்னை மாதிரியே இருக்கீங்க. சரி, சனிக்கிழமைக்குள்ள கூட்டிட்டு வாங்க. போட்டோ மறந்துடாதீங்க. இதுல இருக்கற குழந்தையை வெச்சு யாரும் அடையாளம் கண்டுபிடிக்க முடியாது."

படிவத்தையும் பாஸ்புக்கையும் கவரில் போட்டுக்கொண்டு காஜாக்கா கீழே இறங்கினாள். வங்கிக்கு இரண்டு கடை தள்ளி ஒரு போட்டோ ஸ்டூடியோ. அங்கும் சேறு வாரிக்கொண்டிருந்தார்கள். உள்ளே சுவரில், தண்ணீர் எட்டாத உயரத்தில், மாதிரிக்கு மாட்டிய பாஸ்போர்ட் படங்கள் வரிசையாக இருந்தன. இளம்பெண்களின் படங்கள். அவள் வெளியே நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இந்த மூக்கு இருந்திருக்குமா? இந்த மாதிரி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருப்பாளா? எட்டு வருஷமாக மகளுக்கு வகுப்பு மாற்றினாள், மதிப்பெண் போட்டாள், ஹாஸ்டலில் சேர்த்தாள். முகத்தை மட்டும் அவள் வளர்க்கவே இல்லை. வெள்ளைச் சீருடைக்கு மேலே பத்து வயது முகம்தான் இருந்தது. அது அவளுக்கு அந்தச் சாலையோரத்தில் நிற்கும்போதுதான் தெரிந்தது.

"போட்டோ எடுக்கணுமாம்மா? மின்சாரம் வரலையே" என்றார் கடைக்காரர்.

"இல்ல. சும்மா பாத்தேன்."

சாயங்காலம் பிளம்பர் வீட்டுக்கு வந்தபோது அவள் கழுவிய பாத்திரங்களை வாசலில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கைகால் கழுவத் துண்டை எடுக்கப் போனவர் ஜன்னலில் இருந்த பிளாஸ்டிக் கவரைப் பார்த்தார். படிவத்தை வெளியே எடுத்தார். கணக்குதாரர் பெயர் என்ற இடத்தில் மகள் பெயர். காஜாக்காவின் கோணல் எழுத்து.

"இது என்ன?"

அவள் இன்னொரு பாத்திரத்தைக் கவிழ்த்தாள்.

"இந்தக் கணக்கு அப்பவே முடிச்சாச்சுன்னு நினைச்சேனே."

"முடிக்கல."

"எட்டு வருஷமாவா?"

"மாசா மாசம் கட்டிக்கிட்டிருக்கேன். பெருசா ஒண்ணும் இல்ல. ஓவர்டைம் காசு." குரல் உடையாமல் சொல்லிவிட வேண்டும் என்று வேகமாகச் சொன்னாள். "அங்க யாருக்கும் தெரியாது. அவ எப்படி இருக்கான்னு கேப்பாங்க. நான் சொல்லுவேன். இப்ப பதினெட்டு ஆயிடுச்சு, கூட்டிட்டு வான்னு சொல்றாங்க."

பிளம்பர் படிவத்தைப் பிடித்தபடி அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்தார். கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் மகள் பெயரின் மேல் கட்டைவிரலை வைத்தார். பிறகு தலையைத் தூக்காமல் கேட்டார்.

"இப்ப என்ன பண்றா?"

"யாரு?"

"வாலுதான். என்ன படிக்கறா?"

காஜாக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அதை எடுத்துவிட்டுச் சொன்னாள்.

"நர்சிங். முதல் வருஷம்."

"ஊசி பாத்தா தெருக்கோடி வரைக்கும் ஓடுவாளே."

"அதெல்லாம் சரியாயிடுச்சு."

அவர் மெல்லத் தலையாட்டினார். கேட்பதற்கு இன்னும் நிறைய இருப்பவர் போல வாயைத் திறந்தார். ஆனால் அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்துவிட்டன. மகள் போன நாளில்கூட ஓடியாடி எல்லாக் காரியத்தையும் பார்த்த மனிதர். அவர் அழுது அவள் பார்த்ததில்லை. எதிரில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். குழாய்ப் பசை காய்ந்து சொரசொரவென்று இருந்தது அந்தக் கை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல நீ" என்றார். "நானும் கேட்டிருப்பேன்ல."

பங்கு போட்டால் குறைந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

பரண் மேலிருந்து அவர் ஒரு கவரை இறக்கினார். வீட்டு வாடகை ஒப்பந்தம், மின்சார அட்டை, அவற்றோடு மகளின் இறப்புச் சான்றிதழ். எப்போதோ லேமினேட் செய்து வைத்திருந்தார். ஒரு சொட்டு ஈரம் படாமல், நேற்று வாங்கியது போல இருந்தது அது.

"நாளைக்கு நானும் வர்றேன்" என்றார்.

மறுநாள் தனி கவுண்டரில் கூட்டம் குறைவு. பாஸ்புக் மேடம் இவர்களைக் கண்டதும் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"எங்க, பொண்ணு வரலையா? கீழ நிக்கறாளா?"

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தையைக் காஜாக்கா இன்னொரு முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். பிளம்பர் வாயைத் திறந்தார். அவள் அவர் கையைத் தொட்டு நிறுத்தினாள். சான்றிதழைக் கவுண்டர் இடுக்கு வழியாக அவளே தள்ளினாள்.

"அவ இல்ல மேடம்."

மேடம் எடுத்துப் படித்தார். பெயரைப் படித்தார். தேதியைப் படித்தார். திரும்பத் தேதியைப் படித்தார். வாயில் இருந்த சிரிப்பு போக வழி தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"எட்டு வருஷமா?"

"ஆமா மேடம்."

"அப்ப நான் வர்றதுக்கு முன்னாடியே..." மேடத்தின் குரல் ஏறியது. "அப்ப என்கிட்ட சொன்னதெல்லாம்? டிசெக்ஷன் கிளாஸ்ல மயக்கம் போட்டான்னு சொன்னீங்க. நான் வீட்ல போய் என் பொண்ணுகிட்ட சொல்லிச் சிரிச்சேன். அவளுக்குப் பரீட்சைன்னு நான் சாமி கும்பிட்டேன்மா. எதுக்கும்மா எனக்கு அப்படிச் செஞ்சீங்க?"

வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். காஜாக்கா தலையைக் குனிந்துகொண்டாள். மேடம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

பக்கத்து அறையிலிருந்து மேனேஜர் வந்து இருவரையும் உள்ளே உட்கார வைத்தார். ஓய்வுக்கு ஒன்றிரண்டு வருஷம் இருக்கிற மனிதர். சான்றிதழையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இறந்தவங்க பேர்ல நகல் பாஸ்புக் கொடுக்க முடியாதும்மா. கணக்கை முடிச்சுப் பணத்தை நாமினிக்குக் கொடுக்கணும். நாமினி..." கண்ணைச் சுருக்கினார். "அப்பா பேருதான் போட்டிருக்கு. நல்லதாப் போச்சு. கோரிக்கைப் படிவம், இந்தச் சான்றிதழ், உங்க அடையாள அட்டை, சாட்சிக் கையெழுத்து. அவ்ளோதான். வேற அலைச்சல் இல்ல."

"பணம் வேணாம் சார்" என்றாள் காஜாக்கா. "கணக்கு அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே. நான் எடுக்க மாட்டேன். கட்டத்தான் செய்வேன்."

மேனேஜர் பேனாவை மூடினார்.

"தெரியாத வரைக்கும் ஓடிச்சும்மா. இப்ப எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே ஓட விட முடியாது."

அவர் அதட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் அவளால் சண்டை போட முடியவில்லை.

"ஸ்டேட்மென்ட்டாவது?" என்றார் பிளம்பர்.

"நாமினின்னு நீங்க எழுதிக் கொடுங்க, தர்றேன். பழைய வருஷமெல்லாம் எங்க திரையில வராது. தலைமை அலுவலகத்துல கேட்டு வாங்கணும், ஒரு வாரம் ஆகும். அப்புறம் இன்னொண்ணு." அவர் தயங்கினார். "இறந்த தேதிக்கு அப்புறம் எட்டு வருஷத்துக்கு வரவு இருக்கு. தணிக்கையில கேப்பாங்க. அந்தப் பணத்தை யார் கட்டினாங்க, ஏன் கட்டினாங்கன்னு கட்டினவங்களே ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கணும்."

வெள்ளைத் தாளும் பேனாவும் அவள் முன்னால் வந்தன. பிளம்பர், "நான் எழுதட்டுமா?" என்றார். வேண்டாம் என்றாள். ஒவ்வொரு எழுத்தாக, பட்டன் துளைக்கு அளவு வைப்பது போல, எழுதினாள். என் மகள் இந்தத் தேதியில் இறந்துவிட்டாள். அந்த ஒரு வரியை அவள் இதுவரை எங்கும் எழுதியதில்லை. அன்று மருத்துவமனையில்கூட அவர்தான் எழுதினார். அதற்குப் பிறகு வந்த பணமெல்லாம் நான் கட்டியது. என் சம்பளம். அங்கே நின்றுவிட்டாள். ஏன் கட்டினாய் என்பதற்கு என்ன எழுதுவது? பிறகு எழுதினாள்: நிறுத்தத் தெரியவில்லை.

மேனேஜர் படித்தார். தணிக்கைக்காரர்களுக்கு இது போதுமா என்று யோசிப்பவர் போல நெற்றியைத் தேய்த்தார். பிறகு, "போதும்மா" என்று சொல்லிக் கோப்பில் வைத்தார்.

சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. அப்போது கதவருகில் பாஸ்புக் மேடம் நின்றிருந்தார். முகம் கழுவிய ஈரம். யாரும் கேட்காமலே வந்து பேனாவை வாங்கிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். காஜாக்காவைப் பார்க்கவில்லை.

வெளியே வந்து படியிறங்கப் போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்தப் புஸ்தகமெல்லாம் என்ன பண்ணீங்க?"

காஜாக்கா திரும்பினாள். மேடத்தின் குரலில் கோபம் இன்னும் இருந்தது.

"வெச்சிருந்தேன் மேடம். வெள்ளத்துல போயிடுச்சு."

"யாருக்காவது கொடுத்திருக்கலாமே. படிக்கற பிள்ளைங்க யாராவது..."

"நான் படிச்சேன்."

"நீங்களா?"

"லீவு நாள்ல. அடிக்கோடு போட்டதெல்லாம். ஒண்ணும் புரியல மேடம். ஆனா அவ இதைத்தான படிச்சிருப்பான்னு..." அவள் ஒரு படி இறங்கி நின்றாள். "நீங்க கேக்கறப்ப உங்களை ஏமாத்தணும்னு நினைக்கல. வேற யாரும் கேக்கல மேடம். நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க."

பாஸ்புக் மேடம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஸ்டேட்மென்ட் வந்ததும் போன் பண்றேன்" என்று மட்டும் சொன்னார். இந்த முறை காஜாக்கா நம்பர் கொடுத்தாள், பிளம்பருடையதை.

எட்டாம் நாள் போன் வந்தது. பிளம்பருக்கு வேலை ஒழியவில்லை. அவர் எழுதிக் கொடுத்த அதிகாரக் கடிதத்தோடு காஜாக்கா தனியாகப் போனாள். பணம் அவர் கணக்குக்குப் போய்விட்டிருந்தது. மேனேஜர் கணக்கு முடிந்ததற்கான முத்திரையைப் பழைய பாஸ்புக்கின் அட்டை மேல் குத்தி, ஒரு மூலையைக் கத்தரித்து, அவளிடமே திருப்பிக் கொடுத்தார். கத்தரித்த துண்டு மேஜையில் கிடந்தது. அதையும் எடுத்துக் கவருக்குள் போட்டுக்கொண்டாள்.

ஸ்டேட்மென்ட்டைப் பாஸ்புக் மேடம் தைத்து, தலைப்பில் சீல் வைத்து, ஒரு புதுக் கோப்பில் போட்டு வைத்திருந்தார். பதினேழு பக்கம். எதிர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். பக்கங்களைப் புரட்டி, ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இது வரைக்கும் அவளும் வந்திருப்பா, இல்லையா?"

காஜாக்கா குனிந்து பார்த்தாள். தேதி, தொகை, இருப்பு. அதற்கு மேலே உள்ள வரிக்கும் கீழே உள்ள வரிக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. ஒரே எழுத்து, ஒரே இடைவெளி. இடுப்பில் தூக்கிக்கொண்டு கட்டிய பணமும், தனியாக வந்து கட்டிய பணமும் ஒரே மாதிரி நின்றன. இந்தக் காகிதத்தில் எல்லாம் இருக்கும் என்று நினைத்துத்தான் அவள் கேட்டாள். எதுவும் இல்லை. வெறும் எண்கள்.

"ஆமா" என்றாள். "இது வரைக்கும்."

"செலான் அவளே எழுதுவாளா?"

"எழுதுவா. என் பேர்ல ஒரு எழுத்தை எப்பவும் தப்பா எழுதுவா. காசாளர் திருத்துவாரு. இவ சண்டைக்குப் போவா, எங்கம்மா பேரு எனக்குத் தெரியாதான்னு."

மேடம் கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டார். "அப்புறம்?" என்றார்.

அப்புறம் என்ன நடந்தது என்று காஜாக்கா சொன்னாள். நிஜமாக நடந்ததை மட்டும் சொன்னாள். பல் விழுந்ததை, மழைக்கால விடுமுறையில் சைக்கிள் பழகி முட்டியைப் பெயர்த்துக்கொண்டதை, கடைசி நான்கு நாட்களை. கூட்டமில்லாத மத்தியானம். மேடம் ஒரு முறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சொல்லி முடித்தபோது காஜாக்காவுக்குச் சொல்ல ஒன்றும் மீதி இல்லை. பத்து வருஷம் அவ்வளவு சீக்கிரம் தீர்ந்துவிட்டது. அதற்கு மேல் அவள் அழுதாள். மேடம் எழுந்து கவுண்டரைச் சுற்றி வந்து பக்கத்தில் நின்றார்.

அடுத்த பத்தாம் தேதி சம்பளக் கவரை இடுப்பில் செருகிக்கொண்டு காஜாக்கா கம்பெனியை விட்டுக் கிளம்பினாள். புதிதாகச் சேர்ந்திருந்த, காலர் தைக்கிற பெண் பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தாள். வெள்ளத்தில் இருந்ததெல்லாம் போய், வேறு ஊரிலிருந்து வேலை தேடி வந்தவள். வாய் ஓயாதவள்.

"உங்களுக்கு எத்தனை பசங்கக்கா?"

வங்கிப் பக்கம் போகிற பஸ் வந்து நின்றது. காஜாக்கா ஏறவில்லை. அது போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு பொண்ணு இருந்தா" என்றாள். "பத்து வயசுல போயிட்டா."

அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, தெரியாம கேட்டுட்டேன்க்கா."

"பரவால்ல. கேட்டதுல ஒண்ணும் இல்ல."

அடுத்த பஸ்ஸுக்கு நேரமிருந்தது. இருவரும் நிழலைப் பார்த்து ஒதுங்கி நின்றார்கள்.